ஆறு மீட்டர் ஆழத்தில் கறுத்த மருதாணி: ஒரு வண்ணத் திருத்தத்தின் முழு விவரம்

சேலம் ஐந்து ரோடு பக்கம் இருக்கும் என் எடிட்டிங் அறைக்குக் கடல் வீடியோ வருவது அபூர்வம். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, ஏற்காட்டில் எடுக்கும் வெளிப்புறக் காட்சிகள், இவைதான் என் அன்றாட வேலை. அதனால் ஒரு புதுமாப்பிள்ளை பென் டிரைவைக் கொண்டுவந்து, “அண்ணா, அந்தமானில் கடலுக்குள் இறங்கினோம். இதையும் கல்யாண ஆல்பத்தோடு சேர்த்துக் கொடுங்கள்” என்று கேட்டபோது, அரைநாளில் முடிந்துவிடும் என்று ஒப்புக்கொண்டேன். பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பதினோரு நாளில் கற்றுக்கொண்டதை எண்களோடு எழுதுகிறேன். இதே வேலை கையில் இருப்பவர்களுக்கு முதல் வாரமாவது மிச்சமாகும்.

ஸ்வராஜ் தீவில், அதாவது பழைய ஹேவ்லாக்கில், தம்பதி பயிற்சியாளரோடு நீருக்குள் இறங்கியிருந்தார்கள். பயிற்சியாளர் கையிலிருந்த ஆக்‌ஷன் கேமராவில் எடுத்த ஒன்பது கிளிப்புகள். எல்லாம் 8 பிட், ஒயிட் பேலன்ஸ் ஆட்டோ, விளக்கு கிடையாது. எல்லாவற்றிலும் நீலப்பச்சைப் படலம். கல்யாணமாகி ஐந்தாம் நாள் என்பதால் பெண்ணின் இரு கைகளிலும் முழங்கைவரை மருதாணி. படகில் எடுத்த போட்டோவில் அது நன்றாகச் சிவந்து கிடக்கிறது. வீடியோவிலோ கை முழுக்கக் கரியைப் பூசியதுபோல இருந்தது. மாப்பிள்ளை கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “கையில் அந்தச் சிவப்பு தெரியவேண்டும் அண்ணா.”

முதல் நாள் நான் செய்தது, எவரும் செய்யக்கூடியதுதான். வெப்பநிலை ஸ்லைடரை மஞ்சள் பக்கம் தள்ளினேன். பச்சை போக டின்ட்டை மெஜந்தா பக்கம் இழுத்தேன். அதுவும் போதாமல் சிவப்பின் அடிமட்டத்தையும் தூக்கினேன். முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் பின்னால் இருந்த கடல் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. கன்னத்திலும் நெற்றியிலும் சிவப்புச் சதுரத் திட்டுகள் ஊர்ந்தன. சின்ன மானிட்டரில் அது தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தபோது தெரிந்திருக்கிறது. “அவளுக்கு அம்மை போட்டதுபோல இருக்கிறது அண்ணா” என்று போனில் சொன்னார். அவர் சொன்னது சரி.

அதன் பிறகுதான் ஸ்கோப்பைத் திறந்து உட்கார்ந்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

டாவின்சி ரிசால்வில் `Parade` என்ற ஸ்கோப் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே பக்கத்தில் பக்கத்தில் காட்டும். பெண் கேமராவை நோக்கி இரு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டும் கிளிப்பை எடுத்துக்கொண்டேன். அதில் பயிற்சியாளரின் மணிக்கட்டுக் கருவியும் ஒரு கணம் தெரிகிறது. ஆழம் 6.1 மீட்டர். பச்சையும் நீலமும் ஸ்கோப்பின் பாதிக்கு மேல் விரிந்து நிற்க, சிவப்பு மட்டும் அடியில் ஒரு மெல்லிய கோடாகப் படுத்திருந்தது. பயிற்சியாளரின் இடுப்பில் தொங்கிய வெள்ளை எழுதுபலகையைத் தொட்டுப் பார்த்தேன்: சிவப்பு 44, பச்சை 168, நீலம் 180. வெள்ளை என்றால் மூன்றும் சமமாக இருக்கவேண்டும்.

இது ஏன் என்பதைச் சொல்லாமல் திருத்தத்துக்குள் போக முடியாது. தூய நீர் 650 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு ஒளியை மீட்டருக்கு ஏறக்குறைய 29 சதவீதம் விழுங்கிவிடும். 5 மீட்டரில் மிஞ்சுவது 18 சதவீதம். 10 மீட்டரில் வெறும் 3 சதவீதம். அதே 10 மீட்டரில் 550 நானோமீட்டர் பச்சை 57 சதவீதமும், 450 நானோமீட்டர் நீலம் 91 சதவீதமும் நிற்கும். கடலில் மிதக்கும் துகள்களும் பாசியும் இதற்கு மேல் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, ஒளி கடக்கும் தூரம் என்பது ஆழம் மட்டுமில்லை. மேலிருந்து கைக்கு வந்து, கையிலிருந்து கேமராவுக்குப் போகும் தூரமும் சேரும். ஆறு மீட்டர் ஆழத்தில் மூன்று மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஒன்பது மீட்டர் கணக்கு. ஒரே ஃபிரேமில் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு கணக்கு, தூரத்தில் இருப்பவருக்கு வேறு கணக்கு. ஒரே ஸ்லைடர் எல்லோருக்கும் பொருந்தாமல் போவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

சதுரத் திட்டுகளுக்கும் காரணம் கிடைத்தது. சிவப்பில் இருப்பது 44 படிகள். அதைப் பச்சைக்குச் சமமாக நீட்டினால், ஒவ்வொரு படிக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுகிறது. அதோடு, இந்த வகை வீடியோ வெளிச்சத்தை முழு நுணுக்கத்திலும் நிறத்தை நான்கு பிக்சலுக்கு ஒன்று என்ற கணக்கிலும்தான் சேமிக்கிறது. வெளிச்சக் கணக்கில் பச்சையின் பங்கு 72 சதவீதம், சிவப்பின் பங்கு 21 சதவீதம். ஆகவே பச்சையின் கூர்மை பத்திரமாக இருக்கிறது. சிவப்போ கோப்பைச் சுருக்கும்போது நசுங்கிச் சதுரமாகிவிடுகிறது. அந்தச் சதுரத்தை மூன்று மடங்கு பெருக்கினால் அம்மைத் தழும்பு வராமல் என்ன செய்யும்?

ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. அதே கிளிப்பில் தெரியும் கறுப்பு நீச்சலுடை ஏன் கறுப்பாக இல்லை? அதன் எண் சிவப்பு 6, பச்சை 30, நீலம் 44. அது தன் நிறத்தை இழந்ததால் இப்படித் தெரிகிறதா, அதன் முன்னால் ஏதாவது படிந்திருக்கிறதா? இதைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும் என்று தோன்றியது.

ஏற்காடு அடிவாரத்தில் மாமாவின் தோட்டத்தில் ஒரு பெரிய கிணறு இருக்கிறது. மழை முடிந்த காலம் என்பதால் நான்கு ஆள் தண்ணீர் கிடந்தது. சுண்ணாம்புக்கரட்டுப் பக்கம் கிடைக்கும் மேக்னசைட் வெள்ளைக்கல் ஒன்று, கறுப்பு ரப்பர் செருப்பு ஒன்று, சிவப்புப் பிளாஸ்டிக் குவளை ஒன்று. மூன்றையும் மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றில் கட்டி இறக்கினோம். என்னிடம் வேலை செய்யும் தம்பி கிணற்றிலேயே நீச்சல் பழகியவன். அவன் கேமராவோடு மூழ்கி, மூன்றாம் முடிச்சில் அரை மீட்டர் தூரத்திலிருந்து ஒரு முறை, இரண்டு மீட்டர் தூரத்துக்குப் பின்வாங்கி ஒரு முறை எடுத்தான்.

அரை மீட்டரில் செருப்பு கறுப்பு. இரண்டு மீட்டரில் அதே செருப்பு பச்சை கலந்த சாம்பல். ஆழம் மாறவில்லை, தூரம் மட்டும் மாறியது. ஆக, கறுப்பின் மேல் ஏறியிருப்பது கேமராவுக்கும் பொருளுக்கும் நடுவே உள்ள நீர் சிதறடிக்கும் ஒளி. மார்கழிக் காலையில் ஏற்காட்டுக் கொண்டைஊசி வளைவில் எதிர் மலை பனியில் வெளுத்துத் தெரிவதும் இப்படித்தான். அந்த வெளுப்பு நிறத்தின் மேல் கூட்டப்பட்ட ஒன்று. கூட்டியதைக் கழிக்கத்தான் வேண்டும். பெருக்கினால் அதுவும் சேர்ந்து பெருகும். முதல் நாள் என் கடல் கத்தரிப்பூவானது இதனால்தான்: பனியைக் கழிக்காமலே அதன் மேல் சிவப்பை ஏற்றிவிட்டேன்.

கிணறு இன்னொன்றும் சொன்னது. அங்கே சிவப்போடு நீலமும் போயிருந்தது, பச்சை மட்டும் மிஞ்சியது. மக்கிய இலைதழைகளிலிருந்து கரையும் மஞ்சள் பொருளும் பாசியும் நீலத்தை விழுங்கிவிடுகின்றன. அந்தமானுக்குப் போட்ட கணக்கைக் கிணற்றுக் கிளிப்பில் வைத்துப் பார்த்தேன்; வெள்ளைக்கல் மஞ்சள் பூசணிபோல ஆனது. ‘நீருக்கடி’ என்று பெயர் போட்டு விற்கும் ஆயத்த வண்ணக் கோப்புகள் பலருக்கும் கைகொடுக்காததில் எனக்கு இப்போது வியப்பில்லை. எந்த நீர், எவ்வளவு தூரம் என்று அவற்றுக்குத் தெரியாது.

இனி, உள்ளங்கைக் கிளிப்பைத் திருத்திய வரிசை.

முதல் வேலை கழித்தல். கறுப்பு நீச்சலுடையைப் பார்த்துக்கொண்டே பச்சையில் 28, நீலத்தில் 40 கழித்தேன். சிவப்பைத் தொடவில்லை. ரிசால்வில் இதை `Offset` வளையத்தில் செய்யலாம். `Parade` ஸ்கோப்பில் மூன்று நிறங்களின் அடிவிளிம்பும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை பச்சையையும் நீலத்தையும் இறக்கினால் போதும். நீச்சலுடை 6, 2, 4 ஆனது. எழுதுபலகை 44, 140, 140 ஆனது. நீலம் பச்சைக்குச் சமமாகிவிட்டது, பாருங்கள். அதிகமாகத் தெரிந்த நீலம் முழுக்கப் பனியின் கைங்கரியம். இதற்குள்ளேயே படம் பாதி தெளிந்துவிட்டது.

இப்போது மிச்சம் சிவப்பு மட்டும். 44-ஐ 140 ஆக்கவேண்டும். இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டையும் மருதாணியின் மேல் வைத்து எடைபோட்டேன்.

நேர்வழி, சிவப்பை 3.18-ஆல் பெருக்குவது. கழித்தலுக்குப் பிறகு தோலின் எண் 32, 70, 52. பெருக்கினால் 102, 70, 52. படகில் எடுத்த போட்டோவில் அவர் தோலின் விகிதத்தோடு இது ஏறக்குறைய அப்படியே ஒத்துப்போகிறது. மருதாணிக் கோடு 23, 31, 18 என்று இருந்தது, அது 73, 31, 18 ஆகிறது. அசல் மருதாணிச் சிவப்பு. ஆனால் இரைச்சலும் அதே 3.18 மடங்கு. அம்மை திரும்பி வந்துவிடும்.

மறுவழி, பச்சையிடம் கடன் வாங்குவது. புதிய சிவப்பு என்பது பழைய சிவப்பின் 1.6 மடங்கோடு பச்சையின் பாதி. எழுதுபலகைக்கு 70-ம் 70-ம் சேர்ந்து 140, வெள்ளை சரியாகிவிட்டது. தோல் 86, 70, 52. மருதாணி 52, 31, 18. இரைச்சல் பாதியாகிவிடுகிறது, விளிம்புகள் பச்சையின் கூர்மையோடு வருகின்றன. விலை என்னவென்றால் சிவப்பு மங்குகிறது. பச்சையைத் திருப்பித் தராத பொருள்தான் சிவப்பாகத் தெரியும். அப்படிப்பட்ட பொருளுக்குப் பச்சையிடம் கடன் கேட்டால் கிடைப்பது குறைவாகத்தான் இருக்கும். மருதாணி இந்த வழியில் செம்மண் நிறத்துக்கு வந்து நின்றுவிட்டது.

நான் எடுத்துக்கொண்டது இரண்டாம் வழி, ஒரு முன்வேலையோடு. ரிசால்வில் `Splitter/Combiner` என்ற கணு மூன்று நிறங்களையும் பிரித்துத் தரும். அதில் சிவப்பை மட்டும் லேசாக மங்கலாக்கினேன், சதுரங்களின் ஓரம் கரையும் அளவுக்கு. நிறம் சற்றுக் கசிந்தாலும் கண் பொறுத்துக்கொள்ளும். விளிம்பு கசிந்தால் பொறுக்காது. விளிம்பைப் பச்சை கொடுத்துவிடும். அடுத்த கணுவில் `RGB Mixer`. அங்கே சிவப்பு வரிசையில் 1.6, 0.5 என்று போடும் முன் `Preserve Luminance` என்ற குறியை எடுத்துவிட வேண்டும். அது இருந்தால் மென்பொருள் வெளிச்சத்தைச் சமன்செய்கிறேன் என்று மற்ற எண்களைக் கலைத்துவிடும். எனக்கு அரைநாள் இதில் போயிற்று.

ரிசால்வ் இல்லாதவர்கள் மங்கலாக்கும் படியை மட்டும் விட்டுவிட்டு இதே கணக்கை எஃப்எஃப்எம்பெக்கில் ஓட்டிப் பார்க்கலாம். 28, 40, 1.6, 0.5 ஆகியவை என் கிளிப்பின் எண்கள். உங்கள் கிளிப்பின் கறுப்பையும் வெள்ளையையும் அளந்து மாற்றிக்கொள்ளுங்கள்.

```
ffmpeg -i kai.mp4 -vf "format=rgb24,lutrgb=g='max(val-28,0)':b='max(val-40,0)',colorchannelmixer=rr=1.6:rg=0.5,scale=out_color_matrix=bt709,format=yuv422p10le" -c:v prores_ks -profile:v 3 -c:a copy kai_sari.mov
```

அதன்பின் தோலுக்கும் மருதாணிக்கும் மட்டும் ஒரு மாஸ்க் போட்டு, மங்கிய சிவப்பைச் செறிவில் மீட்டேன். எவ்வளவு என்பதற்கு இரண்டு சாட்சிகள். ஒன்று, வெக்டர்ஸ்கோப்பில் தோல் நிறத்துக்கென்று இருக்கும் சாய்கோடு. மனிதத் தோல் கறுப்பானாலும் வெளுப்பானாலும் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். மற்றொன்று, படகு போட்டோ. அதைப் பக்கத்து மானிட்டரில் திறந்து வைத்துக்கொண்டேன். மருதாணி அதைவிடச் சிவந்துவிடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். ஒரு பெண்ணின் கல்யாண மருதாணி எந்த அளவுக்குச் சிவந்தது என்பது அவள் வீட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கும் விஷயம். அதில் என் கற்பனைக்கு இடமில்லை.

கடல்தான் கடைசிச் சிக்கல். தூரத்து நீர் கழித்தலுக்குப் பிறகு 8, 82, 120. கடன் கணக்கில் அது 54, 82, 120 ஆகி, துவைத்து வெளுத்த நீலத் துணிபோல ஆனது. நீர் சிவப்பைத் திருப்பித் தந்ததே இல்லை, அதற்கு ஏன் சிவப்பு கொடுக்க வேண்டும்? நீல நிறத்தை வைத்து நீரைத் தனியே தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் பச்சையிடமிருந்து வரும் கடனைக் கால்வாசியாகக் குறைத்தேன். மாஸ்க்கின் ஓரத்தை நன்றாக மென்மையாக்க வேண்டும். இல்லாவிட்டால் நீரில் விரிந்து அலையும் கூந்தலைச் சுற்றிச் சாம்பல் நிற வளையம் ஓடும். படத்தை நிறுத்திப் பார்த்தால் அது தெரியாது, ஓடவிட்டால்தான் தெரியும். நான் மூன்று முறை திருத்தினேன்.

ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் கொடுத்த தொல்லையையும் சொல்லவேண்டும். நாற்பது நொடிக் கிளிப்பில் கேமரா தன் மனத்தை இரண்டு முறை மாற்றிக்கொண்டது. பெரிய பவளப்பாறை ஃபிரேமுக்குள் வந்தபோது ஒருமுறை, அது விலகியபோது மறுமுறை. கண்ணுக்கு லேசாகத்தான் தெரியும். ஸ்கோப்பில் சிவப்பின் அடிவிளிம்பு படியேறி இறங்குவது தெளிவாகத் தெரியும். அந்த இரண்டு இடங்களிலும் கிளிப்பை வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனியே அளந்து, பன்னிரண்டு ஃபிரேம் கலவையால் ஒட்டினேன்.

தூரத்துக்கு ஏற்ப ஒவ்வொரு பிக்சலுக்கும் தனிக் கணக்குப் போடும் முறையும் இருக்கிறது. தெர்யா அக்காய்னாக், தாலி ட்ரைபிட்ஸ் இருவரும் 2019-ல் வெளியிட்ட ‘சீ-த்ரூ’ அப்படிப்பட்டது. அதற்குக் காட்சியின் ஒவ்வொரு புள்ளியும் கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்ற வரைபடம் வேண்டும். அதை ஒரே இடத்தைப் பல கோணங்களில் எடுத்த படங்களிலிருந்து கணக்கிடுகிறார்கள். அசையாத பவளப்பாறைக்கு அது அருமையான வழி. கைவீசி நீந்தும் தம்பதிக்கு என் அறையில் அதைச் செய்ய வழியில்லை. மாஸ்க்தான் எனக்குக் கிடைத்த தூர வரைபடம்.

ஒன்பது கிளிப்பில் ஏழு இந்த முறையில் தேறின. அந்த ஏழிலும் மருதாணி சிவந்தது உள்ளங்கைக் கிளிப்பில் மட்டும்தான். மற்றவற்றில் முகம் தேறியது. கையோ இரண்டு மூன்று மீட்டர் தள்ளி இருந்தது. அங்கே மருதாணிக் கோடு இரண்டு பிக்சல் அகலம், நிறமோ நான்கு பிக்சலுக்கு ஒன்று. கோட்டின் நிறம் பதிவாகவே இல்லை. கை மொத்தமும் ஒரே மாநிறம்.

மீதி இரண்டு கிளிப்பும் 11 மீட்டரில் எடுத்தவை. எழுதுபலகையிலேயே சிவப்பு 9. கையில் 3, 4 என்று இரைச்சலுக்கும் நிறத்துக்கும் வித்தியாசம் தெரியாத அளவு. அதைப் பெருக்கினாலும் கடன் வாங்கினாலும் வருவது நிறமில்லை. சாயம் பூசுவது வேறு, மீட்பது வேறு. பூசித் தரமுடியும், ஆனால் பூசியது என்று சொல்லித்தான் தருவேன் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். அந்த ஆழத்தில் சிவப்பு வேண்டுமென்றால் எடுக்கும்போதே கையருகே விளக்கு இருந்திருக்க வேண்டும். ஒரு மீட்டரிலிருந்து அடிக்கும் விளக்கின் ஒளி இரண்டு மீட்டர் நீரைத்தான் கடக்கிறது, பதினோரு மீட்டரை அல்ல. கேமரா முன்னால் மாட்டும் சிவப்புக் கண்ணாடி சிவப்பைக் கூட்டித் தராது, பச்சையையும் நீலத்தையும் தடுத்துச் சமன்செய்யும், அவ்வளவுதான். வெயில் நன்றாக அடிக்கும் குறைந்த ஆழத்தில் அது பெரிய உதவி. இல்லாத சிவப்புக்கு அதனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

கடைசி நாள் இருவரும் அறைக்கு வந்தார்கள். உள்ளங்கைக் கிளிப்பை ஓடவிட்டேன். விரல்கள் விரிகின்றன, உள்ளங்கை நடுவில் வட்டம், அதைச் சுற்றி இலைகள், விரல் நுனிகளில் தொப்பி வைத்ததுபோல அடர்ந்த சிவப்பு, பின்னால் கடல் கடலாகவே இருக்கிறது. அந்தப் பெண் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அதற்குள் அவர் மருதாணி பாதி அழிந்திருந்தது.

பிறகு 11 மீட்டர் கிளிப்பையும் போட்டு, இதில் சாயம் பூசவா என்று கேட்டேன். மாப்பிள்ளை தலையாட்டப் போனார். அந்தப் பெண் தடுத்துவிட்டார்.

“வேண்டாம் அண்ணா. கீழே போனபோது என் கை எனக்கே இப்படித்தான் தெரிந்தது. நான் பயந்துபோய் இவரிடம் காட்டினேன். நீங்களே பாருங்கள், காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.”

அந்த இரண்டு கிளிப்பிலும் பனியை மட்டும் கழித்து, நீலமாகவே விட்டுக் கொடுத்தேன்.